ஒருத்தர் மட்டும் எக்கச்சக்கமா ஆர்டர் பண்ணிட்டா பில்லை எப்படிப் பிரிக்கிறது, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட அதை எப்படிக் கேக்குறது

அஞ்சு பேரு சேர்ந்து சாப்பிடப் போறீங்க, நாலு பேரு ஆளுக்கு ஒரு மெயின் ஐட்டம் சொல்லிட்டு சும்மா இருக்காங்க, ஒருத்தர் மட்டும் ரெண்டு மெயின், ரெண்டு காஸ்ட்லி ட்ரிங்க்ஸ், கடைசியில ஒரு டெசர்ட்டுன்னு போயிட்டே இருக்காரு, பில் வந்ததும் யாரோ ஒருத்தர் (பல நேரம் அவரேதான்) "சமமா அஞ்சா போட்டுடலாம்ல"ன்னு சொல்லிடுறாரு, எல்லாரும் தலையாட்டிடுறோம். வீட்டுக்கு வந்து மனசுக்குள்ள கணக்கு போட்டுட்டு புழுங்குறோம். புதுசா ஒரு கேங்கோட வெளிய போக ஆரம்பிச்சவங்களுக்கு இது கண்டிப்பா ஒரு நாள் வரும், அதுக்குத்தான் இந்தக் கட்டுரை. மொத்த பில் பிரிக்கிற கலையையும் இங்க சொல்லப் போறதில்ல, இந்த ஒரே ஒரு நிலைமைக்கு மட்டும் என்ன பண்ணணும்னு பாப்போம்.

சும்மா ஒரு பேருக்கு, நிறைய ஆர்டர் பண்ணவன் பேரு மணின்னு வச்சுக்குவோம். மணி கெட்டவன் இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா இந்தக் கணக்குல பாதிப்பேரு மணியைத் திட்டுறதுலதான் நேரத்தைப் போக்குறாங்க. சமமாப் பிரிக்கப் போறோம்னு தெரிஞ்சாலே சாதாரண மனுஷங்க கொஞ்சம் அதிகமா ஆர்டர் பண்ணுவாங்க, இதை நிஜ ரெஸ்டாரன்ட்லயே சோதிச்சுப் பாத்திருக்காங்க. ஊரி நீஸி, எர்னான் ஹாருவி, ஹடாஸ் யாஃபேன்னு மூணு பேரு இஸ்ரேல்ல ஒரு ரெஸ்டாரன்ட்ல ஆறு ஆறு பேரா உக்கார வச்சுப் பண்ண சோதனை அது, 2004-ல எகனாமிக் ஜர்னல்ல வந்துச்சு. அவங்கவங்க பில்லை அவங்கவங்களே கட்டணும்னு சொன்ன டேபிள்ல சராசரியா ஒருத்தர் 37 ஷெக்கலுக்குச் சாப்ட்டாங்க, ஆறு பேரும் சமமாப் பிரிச்சுக்கணும்னு சொன்ன டேபிள்ல அது கிட்டத்தட்ட 51 ஆயிடுச்சு. இதுல சுவாரசியம் என்னன்னா எப்படிக் கட்ட விருப்பம்னு கேட்டப்ப பெரும்பாலானவங்க அவங்கவங்க பில்லை அவங்கவங்களே கட்டுறதுதான் பிடிக்கும்னு சொல்லிருக்காங்க. அதாவது உங்க டேபிள்ல வாய மூடிட்டு இருக்குற மத்த மூணு பேருக்கும் அனேகமா உங்க மனசுல இருக்குறதுதான் இருக்கும், யாராவது ஒருத்தர் ஆரம்பிக்கணும், அவ்ளோதான்.

முதல்ல கணக்கு, அப்புறம்தான் பேச்சு

கேக்குறதுக்கு முன்னாடி எவ்ளோ வித்தியாசம்னு உங்களுக்குத் தெளிவாத் தெரியணும். "என்னமோ நிறைய சாப்ட்டான்"ங்கிற ஃபீலிங்கை வச்சு பேச ஆரம்பிச்சா சண்டையிலதான் முடியும். எந்த ஊர் காசுன்னெல்லாம் வேணாம், வெறும் நம்பரா எடுத்துப்போம்.

எல்லாரும் பகிர்ந்து சாப்ட்ட ஸ்டார்ட்டர் 600. உங்க மெயின் 280. இன்னொரு ஃப்ரெண்டோடது 300, அடுத்தவரோடது 260, நாலாவது ஆளுக்குப் பசியே இல்ல, சின்னதா ஒண்ணு 160-க்கு வாங்கிட்டு நிறுத்திட்டாங்க. மணி ரெண்டு மெயின், 300-ம் 350-ம், ட்ரிங்க்ஸ் 600, டெசர்ட் 150, ஆக அவன் மட்டும் 1400. எல்லாம் கூட்டினா 3000, மேல டாக்ஸும் சர்வீஸ் சார்ஜும் சேத்து 15 சதவீதம், கடைசியில கட்ட வேண்டியது 3450.

சமமாப் பிரிச்சா ஆளுக்கு 690. இப்ப உண்மையான கணக்கைப் பாருங்க. ஸ்டார்ட்டர்ல ஒவ்வொருத்தருக்கும் 120 பங்கு, அதோட அவங்கவங்க ஐட்டத்தைக் கூட்டிக்கணும், அப்படிப் பாத்தா உங்களோடது 120-ம் 280-ம் சேந்து 400. இதுக்கு மேல டாக்ஸ் எல்லாம் எப்படிப் போடுறதுன்னு பலரும் குழம்புவாங்க, ரொம்ப சுலபம், கடைசித் தொகைய ஐட்டம் கூட்டுத்தொகையால வகுத்துக்கோங்க, வர்ற நம்பரால எல்லாரோட பங்கையும் பெருக்குங்க.

```
3450 ÷ 3000 = 1.15
400 × 1.15 = 460
```

இதே மாதிரி போட்டா 300 ஃப்ரெண்டுக்கு 483, 260 ஃப்ரெண்டுக்கு 437, பசியில்லாதவங்களுக்கு 322, மணிக்கு 1748. கூட்டிப் பாருங்க, சரியா 3450 வரும். வரலைன்னா எங்கயோ ஒரு ஐட்டம் விட்டுப்போச்சு இல்ல ரெண்டு தடவ ஏறிடுச்சுன்னு அர்த்தம். சில நேரம் தப்பு உங்க மேலயே இருக்காது, நீங்க வாங்காத ஒண்ணு பில்லுல இருக்கும், அதனால பிரிக்கிறதுக்கு முன்னாடி பில்லை ஒரு தடவ மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சிடுங்க.

இப்ப மணியோட நிலைமையப் பாருங்க, சமமாப் பிரிச்சா அவனுக்கு 1058 மிச்சம், அந்த 1058-ஐ நீங்க நாலு பேரும் சேந்து கட்டுறீங்க. அதுலயும் அதிகமா அடி வாங்குறது பசியில்லாத ஆளு, 322 கட்ட வேண்டியவங்க 690 கட்டுறாங்க, ரெண்டு மடங்குக்கும் மேல. இந்த ஆளை ஞாபகம் வச்சுக்கோங்க, கேக்குறப்ப இவங்கதான் உங்களுக்கு உதவப் போறாங்க.

அந்த 1.15 மேட்டர்ல ஒரு வசதி இருக்கு, கூப்பன் டிஸ்கவுன்ட் ஏதாவது இருந்தாலும் தனியா மண்டைய உடைக்க வேணாம். இதே 3000-க்கு 10 சதவீதம் தள்ளுபடி போய் அப்புறம் டாக்ஸ் ஏறி 3105 வந்துச்சுன்னா, 3105-ஐ 3000-ஆல வகுத்தா 1.035, அதால பெருக்கினா போதும், உங்க 400 இப்ப 414. தள்ளுபடி எல்லாருக்கும் அவங்கவங்க சாப்ட்ட அளவுக்குத் தானாவே போயிடும். ஒரே ஒரு இடத்துல மட்டும் இது சரியா வராது, ட்ரிங்க்ஸுக்கு ஒரு ரேட், சாப்பாட்டுக்கு ஒரு ரேட்னு பில்லுல டாக்ஸ் தனித்தனியா போட்டிருந்தா அந்த ட்ரிங்க்ஸ் டாக்ஸை குடிச்சவங்க பங்குல மட்டும் ஏத்துங்க.

நிறைய பேரு பண்ற ஒரு தப்பு, ஐட்டத்தை மட்டும் தனித்தனியாப் பிரிச்சிட்டு டாக்ஸ் 450-ஐ அஞ்சா சமமா, ஆளுக்கு 90-னு போட்டுடுவாங்க. பாக்க நியாயமாத் தெரியும், ஆனா பசியில்லாத ஆளு 322-க்குப் பதிலா 370 கட்டுறாங்க, மணியோட டாக்ஸுல கொஞ்சம் அவங்க தலையில. டாக்ஸ் வாங்கின ஐட்டத்து மேலதான ஏறுது, அதனால அதையும் அந்த அளவுக்கே பிரிங்க. டிப்ஸுக்கும் அதே கணக்கு போதும்.

ஆனா டேபிள்ல இந்த முழுக் கணக்கைப் போடாதீங்க

மேல சொன்னது சரியான கணக்கு, சந்தேகமே இல்ல. ஆனா எல்லாரும் கிளம்பத் தயாரா நிக்கிறப்ப நீங்க ஃபோனை எடுத்து வச்சுட்டு "உன்னோடது 120 ப்ளஸ் 260"ன்னு ஒவ்வொருத்தரையா விசாரிச்சா நீங்கதான் கஞ்சன்னு பேர் வாங்குவீங்க, மணி தப்பிச்சிடுவான். அதனால டேபிள்ல போடுறதுக்கு இன்னொரு கணக்கு இருக்கு, நான் எப்பவும் சிபாரிசு பண்றது இதைத்தான்: எக்ஸ்ட்ராவை மட்டும் தனியா எடுத்துட்டு மீதியை சமமாப் போடுறது.

எல்லாரும் ஸ்டார்ட்டர் சாப்ட்டாங்க, எல்லாரும் ஒரு மெயின் சாப்ட்டாங்க, அது பொது. அதுக்கு மேல மணி மட்டும் வாங்குனது என்ன, ரெண்டாவது மெயின் 350, ட்ரிங்க்ஸ் 600, டெசர்ட் 150, மொத்தம் 1100. அதை எடுத்து ஓரமா வைங்க. மீதி 1900, அஞ்சா வகுத்தா 380, டாக்ஸோட 437. மணி அந்த 437-ஓட தன்னோட எக்ஸ்ட்ரா 1100-க்கு டாக்ஸோட 1265-ம் சேத்து 1702 குடுக்கணும். நாலு 437-ம் ஒரு 1702-ம் கூட்டினா 3450, சரியா வந்துடுச்சு.

முழுக் கணக்குல மணி 1748, இதுல 1702, வித்தியாசம் வெறும் 46. உங்களுக்கு 460-க்குப் பதிலா 437. யாரும் இதுக்கெல்லாம் மூஞ்சியத் தூக்க மாட்டாங்க. இதுல அடிபடுறது பசியில்லாத ஆளு மட்டும்தான், 322 கட்ட வேண்டியவங்க 437 கட்டுறாங்க. அவங்களுக்காக இன்னொரு சின்ன திருத்தம் பண்ணலாம், "நீ ரொம்ப கம்மியாதான சாப்ட்ட, 325 குடு போதும்"னு சொல்லிட்டு குறையுற 112-ஐ மத்த நாலு பேரும் ஆளுக்கு 28 ஏத்திக்கலாம். உங்களோடது 465 ஆகுது, சரியான கணக்கை விட 5 தான் ஜாஸ்தி. மணிக்கு 1730. எல்லாருமே அவங்கவங்க நியாயமான தொகைக்குப் பக்கத்துல வந்துட்டீங்க, ரெண்டு நிமிஷத்துல.

இந்த முறை ஏன் வேலை செய்யுதுன்னா மணிகிட்ட நீங்க "நீ இவ்ளோ சாப்ட்ட"ன்னு சொல்லவே வேண்டியதில்ல. பில்லுல அந்த மூணு நாலு வரி தனியாத் தெரியும், அது யாருதுன்னு டேபிள்ல எல்லாருக்கும் தெரியும்.

எப்போ வாயத் திறக்கணும்

மூணு நேரம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பேச்சு வேற.

முதல் நேரம் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி. இதுதான் இருக்குறதுலயே சுலபம், ஏன்னா இன்னும் யாரும் எதுவும் வாங்கல, நீங்க சொல்றது யாரையும் குத்தாது. சர்வர் ஆர்டர் எடுக்க வந்ததும் "எங்களுக்குத் தனித்தனி பில் போட முடியுமா"ன்னு கேட்டுடுங்க. சாப்ட்டு முடிச்சப்புறம் கேட்டா பல இடத்துல முடியாதும்பாங்க, காரணம் ஆர்டர் எல்லாம் ஒரே டேபிள் பேர்ல ஏறிடும், யாருக்கு எதுன்னு அவங்ககிட்ட பதிவு இருக்காது. ஆரம்பத்துலயே சொன்னா ஆளுக்கு ஆளு பிரிச்சு எழுதிப்பாங்க. அங்க முடியாதுன்னு சொன்னாலும் உங்களுக்கு நஷ்டம் இல்ல, "சரி அப்போ கடைசியில அவங்கவங்க வாங்குனதைப் பாத்துப் போட்டுக்கலாம்"னு போற போக்குல சொல்லிட்டு மெனுவைத் திருப்பிடுங்க. அந்த ஒரு வரி காதுல விழுந்தாலே மணி ரெண்டாவது ட்ரிங்க் சொல்றதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் யோசிப்பான், இல்ல யோசிக்காம சொல்லுவான், அது அவன் காசு, நமக்கென்ன.

ரெண்டாவது நேரம் பில் டேபிளுக்கு வந்த உடனே. இங்க ரொம்ப சின்ன ஜன்னல்தான் இருக்கு, யாராவது "சமமா"ன்னு சொல்லி ரெண்டு பேரு "ஓகே"ன்னு சொல்லிட்டா அதை மாத்துறது கஷ்டம். அதனால பில் வந்ததும் முதல்ல கை நீட்டி வாங்குறது நீங்களா இருங்க. வாங்குனவருக்குத்தான் முதல்ல பேசுற உரிமை, யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. கணக்கு வராது, கூச்சமா இருக்குன்னா கேங்ல கணக்கு நல்லா போடுற ஒருத்தர்கிட்ட முன்கூட்டியே காதைக் கடிச்சு வைங்க.

மூணாவது நேரம், ஒருத்தர் மொத்தமாக் கட்டிட்டு அப்புறம் மெசேஜ்ல வசூல் பண்றது. இதைத் தனியாக் கீழ சொல்றேன்.

இன்னொரு விஷயம், பேசுறது யாருங்கிறதும் முக்கியம். கம்மியா சாப்ட்டவங்களே எழுந்து "எனக்கு 690 ரொம்ப ஜாஸ்தி"ன்னு சொன்னா காசுக்கு அலையுறாங்கன்னு தெரியும், பாவம். நடுவுல இருக்குறவர் பேசுனா யாருக்கும் அப்படித் தோணாது. நம்ம கணக்குல நீங்கதான் நடுவுல, அதனால நீங்க பேசுங்க, அந்த ஆளுக்காகப் பேசுற மாதிரி பேசுங்க, மணிக்கு எதிராப் பேசுற மாதிரி வேணாம்.

வாயில வர வேண்டிய வார்த்தை

நான் சொல்ற மாதிரியே சொல்லணும்னு இல்ல, ஆனா வாக்கியத்தோட வடிவம் இதா இருக்கட்டும்:

"ட்ரிங்க்ஸையும் எக்ஸ்ட்ரா ஐட்டத்தையும் தனியா எடுத்துட்டு மீதியை அஞ்சாப் போட்டுடுறேன், சரியா?"

இதுல யாரோட பேரும் இல்ல பாருங்க. "யார் அதிகம் சாப்ட்டா"ங்கிற கேள்வியும் இல்ல. நீங்க வேலைய எடுத்துக்குறேன்னு சொல்றீங்க, ஒரு முறையையும் சொல்லிட்டீங்க, கடைசியில அனுமதி மட்டும் கேக்குறீங்க. பெரும்பாலும் மணியே "ஆமாடா, என்னோடது தனியாப் போடு"ன்னு சொல்லிடுவான், சொல்லாம இருக்குற மணிங்க கம்மிதான்.

ஏற்கனவே யாராவது "சமமாப் போட்டுடலாம்"னு சொல்லிட்டாங்கன்னா பதறாதீங்க, "போடலாம்தான், ஆனா இவ ஒண்ணுமே சாப்பிடலடா, இவளுக்கு 690 வருது, கொஞ்சம் பாத்துப் போடலாமே"ன்னு சொல்லுங்க. நம்பரைச் சொல்றது முக்கியம், 690-னு காதுல விழுந்ததும் எல்லாருமே தன்னோட தட்டை ஒரு தடவ பாப்பாங்க. இங்க இன்னொரு எச்சரிக்கை, அந்தப் பொண்ணுகிட்ட முன்னாடியே கண்ணால ஒரு ஜாடை கேட்டுக்கோங்க, சிலருக்குத் தன் பேரை வச்சு காசு பேசுறது சுத்தமாப் பிடிக்காது, அப்படின்னா "எனக்கே கொஞ்சம் கூடத் தெரியுது"ன்னு உங்க பேர்லயே சொல்லிடுங்க.

சொல்லக்கூடாதது எதுன்னா, "மணி, நீதான ரெண்டு வாங்குன", "நான் அதைத் தொடவே இல்ல", "எப்பவும் இப்படித்தான் பண்ற". கடைசி வாக்கியம் ரொம்ப மோசம், ஒரு பில்லைப் பத்தின பேச்சைப் பழைய பில்லு எல்லாத்துக்கும் இழுத்துட்டுப் போயிடும். சிரிச்சுக்கிட்டே "டேய் இவன் சாப்ட்டதுக்கு நாம கட்டுறோம்டா"ன்னு கிண்டலா சொல்றதும் வேணாம்னுதான் சொல்வேன், நெருங்குன கேங்ல ஓடும், புதுசாப் பழகுறவங்க நடுவுல அந்தச் சிரிப்பு சட்டுனு நின்னுடும், அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டாங்க.

மணி மறுத்தா என்ன சொல்லுவான்

பொதுவா "எல்லாத்தையும் எல்லாரும்தான சாப்ட்டோம்"னு வரும். இது சில நேரம் உண்மை, அதனால உடனே எகிறாதீங்க. அவன் ரெண்டாவது மெயினை நடு டேபிள்ல வச்சு "எடுத்துக்கோங்க"ன்னு சொல்லிருப்பான், நீங்க ஒரு வாய் டேஸ்ட் பாத்திருப்பீங்க. இதுக்கு நான் வச்சுக்குற அளவுகோல், உங்க தட்டுல ஒரு பங்குன்னு சொல்ற அளவுக்கு எடுத்து வச்சு சாப்ட்டீங்களா, அப்போ அந்த ஐட்டத்துல நீங்களும் பங்கு, ஒரு ஸ்பூன் ருசி பாத்தது கணக்குல வராது. அப்படி ரெண்டு பேரு நிஜமாவே எடுத்திருந்தா அந்த 350-ஐ மணியும் அந்த ரெண்டு பேரும் மூணாப் பிரிச்சுக்கட்டும், எக்ஸ்ட்ராவுல மீதி 750 மட்டும் மணிக்கு. சண்டை போடாம இதை நீங்களே முன்வந்து சொல்லுங்க, "அந்த மெயின் நாங்க ரெண்டு பேரும் எடுத்தோம், அதை மூணாப் போடு, ட்ரிங்க்ஸும் டெசர்ட்டும் மட்டும் உன்னோடது". உங்க பக்கத்தை நீங்களே ஒத்துக்கிட்டா அவனும் மீதியை ஒத்துப்பான்.

இன்னொரு மறுப்பு, "இவ்ளோ கணக்கா பாப்பீங்க?" இதுக்குப் பதில் சொல்லி ஜெயிக்கவே முடியாது, முயற்சி பண்ணாதீங்க. "கணக்கெல்லாம் போட்டுட்டேன்டா, 1700 வருது உனக்கு, அவ்ளோதான்"னு சாதாரணமா சொல்லிட்டு ஃபோனைக் காட்டுங்க. அப்பவும் மாட்டேன்னா அந்த டேபிள்ல அதுக்கு மேல தள்ள வேணாம், சமமாக் கட்டிட்டு வாங்க, ஆனா அந்தப் பசியில்லாத ஆளோட பங்குல முடிஞ்ச அளவு நீங்க மூணு பேரும் ஏத்துக்கோங்க. மணிகிட்ட அப்புறம் தனியாப் பேசலாம், நாலு பேரு முன்னாடி வாங்க முடியாத சம்மதம் தனியா இருக்குறப்ப கிடைக்கும்.

சில நேரம் மணிகிட்ட அன்னைக்கு அவ்ளோ காசு இருக்காது, அதை அவன் சொல்லக் கூச்சப்பட்டு "சமமா"ன்னு தப்பிக்கப் பாப்பான். முகத்துல தெரியும், பில்லைப் பாக்கவே மாட்டான். அப்போ "இப்ப இருக்குறதக் குடு, மீதி அப்புறம் அனுப்பு"ன்னு ஒரு வழி விட்டுடுங்க.

ஒருத்தர் கட்டிட்டு அப்புறம் வசூல் பண்றப்ப

இங்கதான் அதிகமா காசு தொலையுது, அதுவும் கட்டுனவரோட காசு. காரணம் எளிமையானது, எல்லாரும் மெனுவுல பாத்த விலையை ஞாபகம் வச்சு அனுப்புவாங்க, டாக்ஸை யாரும் நினைக்க மாட்டாங்க. நம்ம கணக்குல எல்லாரும் ஐட்டம் விலையை மட்டும் ஒழுங்கா அனுப்புனாலே வர்றது 3000, நீங்க கட்டுனது 3450, அந்த 450 மொத்தமும் உங்க தலையில. அதனால "அவங்கவங்க சாப்ட்டதை அனுப்பிடுங்க"ன்னு மட்டும் எப்பவும் சொல்லாதீங்க. நீங்களே கணக்கு போட்டு, ஆளுக்கு எவ்ளோன்னு நம்பரா அனுப்புங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி பில்லை ஒரு ஃபோட்டோ எடுத்துடுங்க, மடிப்பு இல்லாம, கடைசி வரி வரைக்கும் தெரியுற மாதிரி. அன்னைக்கு ராத்திரியே க்ரூப்ல போட்டுடுங்க, நாலு நாள் கழிச்சுப் போட்டா யாரு எதை வாங்குனாங்கன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது, அப்புறம் விவாதம்தான். மெசேஜ் இந்த மாதிரி இருந்தா போதும்:

"பில் ஃபோட்டோ மேல இருக்கு, மொத்தம் 3450. ஸ்டார்ட்டரும் ஆளுக்கு ஒரு மெயினும் பொதுவாப் போட்டுருக்கேன், அது டாக்ஸோட 437. மணிக்கு எக்ஸ்ட்ரா மெயின், ட்ரிங்க்ஸ், டெசர்ட் சேத்து 1702. ஏதாவது தப்பா இருந்தா சொல்லுங்க, நான் மாத்திடுறேன்."

மணிக்கு 1702-னு க்ரூப்ல போடுறதுக்கு முன்னாடி அவனுக்குத் தனியா ஒரு மெசேஜ் தட்டிடுங்க, "உன் எக்ஸ்ட்ராவைத் தனியாப் போட்டுருக்கேன்டா, 1702 வருது, ஓகேவா"ன்னு. எல்லார் முன்னாடியும் அந்த நம்பரை முதல் தடவயாப் பாக்குறது யாருக்கும் பிடிக்காது. அவன் ஓகேன்னு சொன்னப்புறம் க்ரூப்ல போட்டா அங்க பேச்சே வராது.

ஸ்ப்ளிட்வைஸ் மாதிரி ஆப் வச்சிருக்கீங்கன்னா ஒண்ணு கவனிங்க, நீங்க எதையும் மாத்தலைன்னா அது தானா சமமாத்தான் பிரிக்கும், அவசரத்துல 3450-னு போட்டு சேவ் பண்ணிட்டா மணி ஜாலியா 690-ல தப்பிச்சிடுவான். பிரிக்கிற முறையை மாத்துற இடத்துல அட்ஜஸ்ட்மென்ட்னு ஒண்ணு இருக்கு, அதுல மணி பேருக்கு நேரா 1265-ஐப் போட்டா அதை அவனுக்கு மட்டும் ஏத்திட்டு மீதியை எல்லாருக்கும் சமமாப் பிரிச்சுக் குடுத்துடும், நம்ம எக்ஸ்ட்ரா கணக்கு அப்படியே அதுல இருக்கு. சில்லறை வந்தா கட்டுனவருக்குச் சாதகமா முழு நம்பரா ஆக்கிடுங்க, அவர்தான் மொத்தத்தையும் முன்னாடி போட்டவரு.

எப்போ விட்டுடலாம்

எல்லா பில்லுக்கும் இது தேவையில்ல. சமமாப் பிரிச்சா உங்களுக்கு வர்றதும் நிஜமா வர வேண்டியதும் பத்துப் பதினஞ்சு சதவீதம் முன்ன பின்ன இருந்தா விட்டுடுங்க, அந்த வித்தியாசம் அடுத்த தடவ உங்க பக்கம் திரும்பிடும். 460 வர வேண்டிய இடத்துல 500 வந்தா வாயத் திறக்காதீங்க, 690 வந்தா திறங்க. ஆனா உங்க தொகையை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, டேபிள்லயே கம்மியா சாப்ட்டவரோட தொகை என்ன ஆகுதுன்னு பாருங்க, அவருக்கு ஒண்ணரை மடங்கு ஏறுதுன்னா உங்களுக்கு ஏறலைன்னாலும் பேச வேண்டியதுதான்.

மணி போன தடவ எல்லாருக்கும் ட்ரீட் குடுத்திருந்தா அதையும் சேத்துப் பாருங்க. வருஷத்துல ஒரு தடவ நடக்குறதா இருந்தாலும் விட்டுடலாம்.

திரும்பத் திரும்ப நடக்குதுன்னா டேபிள்ல பேசுறதை விட்டுட்டு, அடுத்த தடவ போற ப்ளான் க்ரூப்ல ஓடுறப்பவே "இந்தத் தடவ தனித்தனி பில் கேட்டுடலாம், கணக்கு போடுற வேலை மிச்சம்"னு ஒரு வரி போட்டு விடுங்க, யாரும் காரணம் கேக்க மாட்டாங்க. அங்க போனதும் சர்வர் பேனாவை எடுக்குறதுக்குள்ள நீங்களே முதல் ஆளா "எனக்குத் தனி பில்"னு சொல்லிட்டு உங்க ஆர்டரைச் சொல்லிடுங்க, பக்கத்துல இருக்குறவங்களும் அப்படியே சொல்லிட்டு வருவாங்க, மணி முறை வர்றப்ப அவனும் சொல்லிடுவான்.